நனைத்துச் சோதித்தது: ஆம்

மண்ணை உடைத்துச் சம்பளம் வாங்குகிறவன் நான். கல் உடைத்தேன் என்று சொன்னாலாவது ஒரு மரியாதை இருக்கும். மண்ணை உடைக்க ஆளா, அதுக்கு மாசச் சம்பளமா என்று என் மாமியார் கல்யாணமான முதல் மாதமே கேட்டுவிட்டார். அவர் கேட்டதில் தப்பில்லை. எனக்கே சில நாள் அந்தச் சந்தேகம் வரும்.

மண் பரிசோதனைக் கூடத்தில் இருபத்தாறு வருஷமாக டெக்னீஷியன். கூடத்தில் எனக்குப் பெயர் ‘மூணு புள்ளி’. காரணம் உண்டு. கட்டடமோ பாலமோ கட்டுவதற்கு முன் அந்த இடத்து மண் எவ்வளவு வலுவாகத் தன்னைப் பிடித்துக்கொண்டு நிற்கும் என்று பார்க்க வேண்டும். அதற்கு ஒரு சதுரப் பித்தளைப் பெட்டி இருக்கிறது. அறுபது மில்லிமீட்டர் அகலம், மேல் பாதி தனி, கீழ்ப் பாதி தனி. மண்ணை அதற்குள் வைத்து, தலையில் எடை ஏற்றி, ஒரு பாதியைப் பக்கவாட்டில் மோட்டாரால் தள்ள வேண்டும். நடுவில் மண் அறுந்து நழுவும். அறுவதற்கு எவ்வளவு விசை ஆனது என்று குறித்துக்கொள்ள வேண்டும். எடையைக் கூட்டி இன்னொரு துண்டு. இன்னும் கூட்டி மூன்றாவது துண்டு. ஆக மூன்று புள்ளி. வரைதாளில் படுக்கைக்கோட்டில் எடையின் அழுத்தம், நிமிர்ந்த கோட்டில் அறுத்த அழுத்தம். மூன்று புள்ளி வழியாக நான் ஸ்கேலை வைத்து ஒரு கோடு இழுப்பேன். கோட்டின் சாய்வுதான் உராய்வுக் கோணம்: துகளும் துகளும் ஒன்றன்மேல் ஒன்று அழுந்தி உரசுவதால் வரும் பலம். கோடு இடப்பக்கம் நிமிர்ந்த கோட்டை எந்த உயரத்தில் வெட்டுகிறதோ அதுதான் ஒட்டுப் பலம்: தலையில் எடையே இல்லாவிட்டாலும் மண் தனக்குத்தானே பிடித்துக்கொள்ளும் பலம். என் பிழைப்பு மொத்தமும் இந்த ஒரு கோடுதான். அதையும் நான் எப்படி இழுத்தேன் என்பதுதான் கதை.

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே ஒரு சாதனை செய்தேன். பெட்டியின் இரண்டு பாதியும் நகராமல் இருக்க இரண்டு திருகாணி போட்டிருப்பார்கள். மோட்டாரை ஓட்டுமுன் அதைக் கழற்ற வேண்டும். நான் கழற்றவில்லை. முள் ஏறுகிறது, ஏறுகிறது, ஏறிக்கொண்டே இருக்கிறது. ‘சார், இந்த மண்ணு பாறை மாதிரி சார்!’ என்று ஓடிப்போய்ச் சொன்னேன். அன்று நான் அளந்தது மண்ணின் பலத்தை அல்ல, திருகாணியின் பலத்தை. அந்தக் கதையை இன்றைக்கும் புதிதாக வருகிறவர்களுக்குத் தேநீரோடு பரிமாறுகிறார்கள்.

சரி, அது திருகாணியோடு போயிற்று. இது அப்படிப் போகவில்லை.

என் மனைவியின் தம்பிக்கு டயர் கடை. வீடு ஒரு மண்மேட்டின் அடிவாரத்தில். பின்பக்கம் மேட்டைச் செங்குத்தாக வெட்டி, அங்கே அம்மாவுக்கு ஓர் அறை கட்ட வேண்டும் என்பது அவன் ஆசை. வெட்டின் உயரம் நாலு மீட்டர். ‘மண் பரிசோதனை இல்லாமல் கை வைக்காதே’ என்று வரைபடம் போட்ட இன்ஜினியர் சொல்லிவிட்டார்.

“வெளியில எதுக்குடா அலையணும்? நம்ம வீட்டுலயே மண்ணு ஆபீஸ் இருக்கே” என்றார் மாமியார். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் என் வேலையைப் பற்றி அவர் வாயிலிருந்து வந்த முதல் நல்ல வார்த்தை. நான் அன்று தரையில் நடக்கவில்லை.

நானே போய்க் குழி வெட்டச் சொல்லி, மண்ணைக் கலையாமல் இரண்டு கட்டியாக அறுத்தெடுத்து, மெழுகு பூசிக் கூடத்துக்குக் கொண்டுவந்தேன். கோடையின் உச்சம். கட்டியைத் தட்டினால் செங்கல் போலச் சத்தம் வந்தது.

இந்தச் சோதனையில் ஒரு சம்பிரதாயம் இருக்கிறது. பித்தளைப் பெட்டியைச் சுற்றி ஒரு தொட்டி உண்டு. அதில் தண்ணீர் ஊற்றி, மண் நன்றாகக் குடிக்கும்வரை ஒரு நாளாவது விட்டுவிட்டுத்தான் அறுக்க வேண்டும். காய்ந்த மண்ணுக்குள் இருக்கும் கொஞ்சநஞ்ச ஈரம் துகள்களை உள்ளுக்குள்ளிருந்து இழுத்துப் பிடித்து வைத்திருக்கும். அது கடன் வாங்கிய பலம். மழைத் தண்ணீர் உள்ளே போனால் அந்தப் பிடி விட்டுவிடும். மேடு நிற்குமா விழுமா என்பது மழை நாளில்தானே தெரிய வேண்டும்?

அன்று தொட்டியின் ரப்பர் அடைப்பு விரிசல் விட்டு ஒழுகியது. சோப்பை உருண்டையாக்கி அடைத்துப் பார்த்தேன், ஒழுகியது. புதிய அடைப்பு வர இரண்டு நாளாகும். இங்கே மச்சினன் மணிக்கொரு தடவை போன்.

“அத்தான், ஆச்சா? மண்ணு வெட்ற மெஷின் நாளைக்கு விட்டா அடுத்த மாசம்தான் கெடைக்குமாம்.”

“ஆயிட்டே இருக்குடா. உனக்குன்னா நான் விட்ருவேனா?”

அவசரத்தில் அண்டாவுக்குள் கை போகாது என்பார்கள். என் கை போயிற்று. தண்ணீர் இல்லாமலே மூன்று துண்டையும் அறுத்துவிட்டேன். புள்ளிகள் மூன்றும் நூல் பிடித்தது போல ஒரே கோட்டில் வந்தன. ஒட்டுப் பலம் இருபத்தெட்டு கிலோபாஸ்கல், கோணம் முப்பது டிகிரி. இவ்வளவு அழகாக ஒரு கோடு வந்தால் அது தப்பாக இருக்குமா என்று நினைத்தேன் பாருங்கள், அங்கேதான் நான் பெரிய மனிதன்.

படிவத்தின் அடியில் ஒரு கட்டம் இருக்கும்: ‘நனைத்துச் சோதித்தது: ஆம் / இல்லை.’ இருபத்தாறு வருஷமாக ‘ஆம்’ என்பதில் டிக் போட்டுப் பழகிய கை. அது என்னைக் கேட்கவில்லை, தானாகவே போட்டுவிட்டது. கையைக் குற்றம் சொல்கிறேனே தவிர, கட்டத்தை என் கண் பார்த்தது. அந்த டிக்கை நம்பிக் கூடத்துப் பொறுப்பாளர் மேடம் கையெழுத்துப் போட்டார்.

அந்த எண்ணை வைத்துக் கணக்குப் போட்டால் பதினோரு மீட்டர்கிட்டச் செங்குத்தாக நிற்கும் என்று வந்தது. இன்ஜினியர் அதைப் பாதியாக்கியும் பார்த்தார். நாலு மீட்டர் எம்மாத்திரம்? வெட்டினார்கள். வெட்டு கத்தி வைத்துச் சீவியது போல நின்றது. அதன் முன்னால் ஒரு கை அகலம் விட்டு அறை எழும்பியது. சுவரோரம் மாமியாரின் கட்டில். “மாப்பிள்ளை சோதிச்ச மண்ணு, கவலையில்லாம படுக்கலாம்” என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னார். எனக்குத் தலை கூரையில் இடித்தது.

மூன்று மாதம் போயிற்று. மழைக்காலம் எட்டிப் பார்க்கிற நேரம். அந்த மண்ணின் மீதித் துண்டு ஒன்றை நான் மேஜையில் காகிதம் பறக்காமல் வைக்கப் பயன்படுத்திக்கொண்டிருந்தேன். ஒரு மத்தியானம் கை பட்டுத் தண்ணீர் டம்ளர் கவிழ்ந்தது. துணி எடுத்துவரப் போனேன். வந்து பார்த்தால் துண்டைக் காணோம். காகிதங்களின் மேல் கூழ்தான் இருந்தது.

நான் அதைத் துடைக்கவில்லை. நின்று பார்த்தேன். அது என் மச்சினன் வீட்டு மேடு என்பதும், அதன் அடியில் என் மாமியார் தூங்குகிறார் என்பதும் ஒரே நேரத்தில் உறைத்தது.

ஒழுங்கான ஆளாக இருந்தால் அந்த நிமிஷமே ஓடியிருப்பான். நான் என்ன செய்தேன் தெரியுமா? ‘முதலில் சரியான எண் வரட்டும், அப்புறம் சொல்லலாம்’ என்று முடிவெடுத்தேன். விஞ்ஞானி ஆகிவிட்டேனாம். உண்மையைச் சொன்னால் பயம்தான். மாமியார் வாயிலிருந்து ‘மண்ணு ஆபீஸ்’ என்பது மறுபடி வசவாகிவிடுமே என்ற பயம்.

மெழுகு பூசிய இரண்டாவது கட்டி அப்படியே இருந்தது. அதிலிருந்து மூன்று உருளை செதுக்கினேன். விரல் கனம்தான் இருக்கும் என்று நினைக்க வேண்டாம், நாலு விரல் சேர்த்த கனம், அதைப் போல இரண்டு மடங்கு உயரம். இது மூவச்சுச் சோதனை. உருளைக்கு மெல்லிய ரப்பர் உறை மாட்டி, மேலும் கீழும் வளையம் போட்டு இறுக்கி, கண்ணாடி போன்ற ஓர் அறைக்குள் நிற்கவைத்து, அறை முழுக்கத் தண்ணீரை நிரப்பி அழுத்தம் கொடுக்க வேண்டும். பூமிக்குள் மண்ணை நாலா பக்கமும் மற்ற மண் நெருக்குகிறதல்லவா, அதற்குப் பதில் இந்தத் தண்ணீர். உறைக்கு வெளியே ஒரு தண்ணீர், உறைக்கு உள்ளே மண்ணின் இடுக்குகளில் இன்னொரு தண்ணீர். இரண்டும் கலக்கக் கூடாது. உள்ளே இருப்பதன் அழுத்தத்தைத் தனியாக அளக்கலாம். பெட்டியில் முடியாத காரியம் அது.

முதலில் மண்ணுக்குள் காற்றே இல்லாமல் செய்ய வேண்டும். உள்ளே தண்ணீரை அழுத்தத்தோடு செலுத்திக்கொண்டே இருந்து, நடுநடுவே சோதிக்க வேண்டும். உள்வழியை மூடிவிட்டு வெளி அழுத்தத்தை ஐம்பது கூட்டினால் உள்ளேயும் கிட்டத்தட்ட ஐம்பது ஏற வேண்டும். ஏறாவிட்டால் இன்னும் காற்று மிச்சம் இருக்கிறது என்று அர்த்தம். முதல் நாள் இருபத்தொன்று ஏறியது. இரண்டாம் நாள் முப்பத்தாறு. அன்று சாயங்காலம் வானத்தில் கறுப்பாக ஒரு பட்டை தெரிந்தது.

மூன்றாம் நாள் காலையில் மேடம் என் பின்னால் வந்து நின்றார். என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர். சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதில்லை.

“இது யார் சாம்பிள்?”

“பழசு மேடம். சும்மா, மெஷினைப் பழக்கிப் பார்க்கலாம்னு.”

“இருபத்தாறு வருஷம் கழிச்சா?”

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கத் தெரியாதவன் நான். அவர் பழைய கோப்பை எடுத்துவந்து மேஜையில் விரித்தார். நாங்கள் ஒவ்வொரு சோதனைக்கும் முன்னும் பின்னும் மண்ணின் ஈரத்தை அளந்து எழுதுவோம். நானும் எழுதியிருக்கிறேன், முத்து முத்தான கையெழுத்தில். முன்: ஒன்பது சதவீதம். பின்: ஒன்பது சதவீதம். அதற்கு நேர் கீழே, நனைத்தது: ஆம்.

“ஒரு நாள் தண்ணியில இருந்த மண்ணு ஒம்பதுலயே நிக்குமா? இருபதைத் தாண்டாது?” என்றார். “நானும் பார்க்காமத்தான் கையெழுத்துப் போட்டிருக்கேன்.”

எல்லாவற்றையும் சொன்னேன். அழுதேனா என்று கேட்காதீர்கள்.

“எண் வரட்டும்னு இருந்தேன் மேடம். இன்னும் மூணு நாள்ல…”

“எண் வர்ற வரைக்கும் அந்த ரூம்ல ஆள் படுத்திருக்கணுமா?”

செருப்பால் அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. இயந்திரத்தை அவர் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். பழைய அறிக்கை செல்லாது என்று அங்கேயே ஒரு கடிதம் எழுதி, இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம். கடிதத்தையும் கட்டியில் மிஞ்சிய ஒரு துண்டையும் எடுத்துக்கொண்டு ஓடினேன்.

மச்சினன் கடையிலிருந்து அப்போதுதான் சாப்பிட வந்திருந்தான். என் மனைவியும் அங்கேதான் இருந்தாள். கடிதத்தைப் படித்துவிட்டு அவன் சிரித்தான்.

“என்ன அத்தான், அன்னைக்கு நிக்கும்னீங்க, இன்னைக்கு விழும்ங்கறீங்க. மூணு மாசமா ஆணி அடிச்ச மாதிரி நிக்குது. அப்ப முதல் ரிப்போர்ட் என்ன ஆச்சு?”

சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. கட்டிலில் உட்கார்ந்து மாமியார் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“மெஷின் கோளாறுடா” என்றேன்.

“மெஷின் கோளாறுக்கு நான் கட்டிலைத் தூக்கணுமா?” என்றார் மாமியார். “நீங்க சொன்ன மண்ணுதானே மாப்பிள்ளை? எனக்கு நம்பிக்கை இருக்கு.”

அந்த நம்பிக்கைதான் என்னைக் கொன்றது. ஒரு வாளியில் தண்ணீர் கொண்டுவரச் சொல்லி, துண்டை அவர் கையில் கொடுத்து அமுக்கிப் பார்க்கச் சொன்னேன். “கல்லு மாதிரி இருக்கு” என்றார். வாங்கித் தண்ணீரில் போட்டேன். முதலில் குமிழி வந்தது. பிறகு ஓரங்கள் உதிர்ந்தன. ஐந்து நிமிஷம்தான் ஆகியிருக்கும். வாளியின் அடியில் சேறுதான் இருந்தது.

மச்சினன் கட்டிலின் ஒரு முனையைத் தூக்கினான். நான் மறுமுனையைத் தூக்கினேன். சாயங்காலத்துக்குள் அறை காலியாகிவிட்டது. மாமியார் முன்னறையில் படுத்தார். ‘சத்தம், வெளிச்சம், தூக்கம் வரல’ என்று இரண்டு நாள் என்னைத் திட்டினார். சந்தோஷமாக வாங்கிக்கொண்டேன்.

மூன்றாம் நாள் விடியும்போது பிடித்த மழை மத்தியானம்வரை விடவில்லை. பதினொரு மணிக்கு மச்சினன் போன் செய்தான். போய்ப் பார்த்தபோது மேட்டின் பாதி அந்த அறைக்குள் இருந்தது. பின்சுவர் இல்லை. கட்டில் கிடந்த இடத்தில் என் இடுப்பு உயரத்துக்கு மண். யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை.

கூடத்தில் அதே நேரம் மூன்றாவது உருளை உடைந்தது. மேடம் எண்ணைப் போனில் சொன்னார். மூவச்சுச் சோதனையில் புள்ளிக்குப் பதில் வட்டம் வரும்: பக்கத்து நெருக்கம் ஒரு முனை, உடைந்தபோது தலையில் இருந்த மொத்த அழுத்தம் மறுமுனை, உள்ளே இருக்கும் தண்ணீரின் அழுத்தத்தை இரண்டிலிருந்தும் கழித்துவிட்டு, மூன்று உருளைக்கு மூன்று அரைவட்டம். மூன்றையும் தொட்டுக்கொண்டு போகும் கோடுதான் நிஜமான கோடு. கோணம் இருபத்தொன்பது, பெரிதாக மாறவில்லை. ஒட்டுப் பலம் மூன்று. இருபத்தெட்டு இல்லை, மூன்று. ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் மேல்வரைதான் செங்குத்தாக நிற்கும். அந்த எண்ணைக் கேட்டுக்கொண்டு நான் சேற்றில் நின்றேன்.

அப்போது மாமியார் பக்கத்து வீட்டு அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: “எங்க மாப்பிள்ளை இல்லேன்னா என்னை இதுக்குள்ளேர்ந்துதான் தோண்டி எடுத்திருக்கணும். மண்ணைப் பார்த்தே சொல்லிட்டாரு. தெய்வம் மாதிரி வந்தாரு.”

என் மனைவி பெருமையாக என்னைப் பார்த்தாள். கல்யாணமான நாளிலிருந்து நான் ஏங்கிய பார்வை அது. வாயை மூடிக்கொண்டிருந்தால் ஆயுளுக்கும் எனக்கே எனக்கு. மெஷின்மேல் பழி, மெஷின் வந்து சாட்சி சொல்லப் போவதில்லை.

“மெஷின் கோளாறு இல்ல அத்தை” என்றேன். “நான்தான். தண்ணி ஊத்தணும். ஊத்தல. ஊத்துனேன்னு டிக் போட்டுட்டேன்.”

மச்சினன் கையில் மண்வெட்டி இருந்தது.

“ஒரு டிக்கா?” என்றான். “எங்கம்மா படுக்கற எடத்துக்கு?”

“ஆமா.”

அவன் திரும்பிக்கொண்டு மண்ணை வாரத் தொடங்கினான். நானும் வாரினேன். ஆறு நாள் லீவு போட்டு வாரினேன். இருபத்தாறு வருஷம் கிராம் கிராமாக உடைத்த மண்ணை அந்த ஆறு நாளில் கூடை கூடையாகச் சுமந்தேன். மனைவி சாப்பாடு வைத்தாள், பேசவில்லை. ஏழாவது நாள்தான் வாயைத் திறந்தாள். “தேத்தண்ணி கொதிக்கற வரைக்கும்கூட நிக்க மாட்டீங்க. எனக்குத் தெரியாதா?” என்றாள். அதைக் கேட்டதும்தான் எனக்கு மூச்சு வந்தது.

மாமியார் மட்டும் பேசவே இல்லை. ‘மண்ணு ஆபீஸ்’ என்றுகூடச் சொல்லவில்லை. அதைச் சொல்ல மாட்டாரா என்று ஏங்கினேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

மேட்டைப் படி படியாகச் சரித்து வெட்டுவது என்று முடிவானது. அதற்கு முன் மேட்டின் மேல்பக்கம் இன்னும் இரண்டு இடத்தில் மண் எடுத்துச் சோதிக்க வேண்டும். வேறு கூடத்துக்குப் போகும்படி நானே சொன்னேன். மச்சினன் கேட்கவில்லை, கட்டியை அவனே வண்டியில் கொண்டுவந்து இறக்கினான். பின்சீட்டிலிருந்து மாமியாரும் இறங்கினார்.

முதல் முறையாக என் வேலை இடத்துக்கு வருகிறார். மேடம் நாற்காலி போட்டார். அவர் உட்காரவில்லை. நேராக என் மேஜைக்கு வந்து, புது அடைப்புப் போட்ட தொட்டியில் நான் தண்ணீர் ஊற்றுவதைப் பார்த்தார். “எவ்வளவு நேரம்?” என்று மேடத்திடம் கேட்டார், என்னிடம் அல்ல. நாளைக் காலைவரை என்றார் மேடம். சரி என்று போய்விட்டார்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு மறுபடி வந்தார். தொட்டிக்குள் விரலை விட்டார். பெட்டியின் விளிம்பில் கசிந்திருந்த மண்ணைத் தொட்டு, விரலோடு விரல் தேய்த்துப் பார்த்தார். பிறகு படிவத்தை என் பக்கம் நகர்த்தி, அந்தக் கட்டத்தின் மேல் ஈர விரலை வைத்தார்.

“நனைஞ்சிருக்கு” என்றார். “இப்பப் போடுங்க மாப்பிள்ளை.”